மீட்புச் சொற்களைக் கேட்கும் 'சப்போர்ட்'

கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்கள் என்பவை பன்னிரண்டோ இருபத்து நான்கோ சாதாரண ஆங்கிலச் சொற்கள்தாம். வாலட்டை முதன்முதலில் அமைக்கும்போது அதுவே அவற்றைத் தேர்ந்தெடுத்துத் திரையில் காட்டும். வரிசை மாறாமல் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லும். 'சீட் ஃபிரேஸ்' என்பது புழக்கத்தில் உள்ள பெயர். இந்தச் சொற்களை வாங்குவதற்கென்றே, வாடிக்கையாளர் சேவைப் பிரதிநிதி வேடத்தில் ஒரு திருட்டுத் தொழில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. வாலட்டைச் சரிபார்க்க வேண்டும் என்பார்கள். சிக்கிக்கொண்ட பணத்தை விடுவிக்க வேண்டும் என்பார்கள். புதிய பாதுகாப்பு முறைக்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்வார்கள். சொல்லும் காரணம் எதுவானாலும் கடைசியில் கேட்பது அந்தச் சொற்களைத்தான். அவை கைமாறிய சில நிமிடங்களில், பல சமயம் சில நொடிகளில், வாலட் காலியாகிவிடும்.

'நாங்கள் ஒருபோதும் மீட்புச் சொற்களைக் கேட்க மாட்டோம்' என்று வாலட் நிறுவனங்கள் பலவும் அறிவித்திருக்கின்றன. இதை நிறுவனத்தின் கண்ணியமான கொள்கை என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கொள்கைக்கு விதிவிலக்கு இருக்கலாம் அல்லவா, தன்னுடைய சிக்கல் அந்த விதிவிலக்காக இருக்கலாம் அல்லவா என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு சேவைப் பிரதிநிதி செய்யக்கூடிய உதவி என்று எதுவுமே கிடையாது. வாலட் இயங்கும் விதமே அப்படி.

சொற்களுக்குள் இருப்பது

மீட்புச் சொற்களின் முறை BIP-39 என்ற பெயரில் 2013-இல் வகுக்கப்பட்டது. அதில் 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியல் உண்டு. abandon என்று தொடங்கி zoo என்று முடியும். முதல் நான்கு எழுத்துகளைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்படி சொற்களைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

புதிய வாலட் ஒன்றைத் தொடங்கும்போது கருவி முதலில் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை உருவாக்குகிறது. பன்னிரண்டு சொல் வாலட்டில் அது 128 பிட் நீளமுள்ள எண். பதின்ம முறையில் எழுதினால் 39 இலக்கம் வரை போகும். பிழை கண்டுபிடிப்பதற்காக அதன் வாலில் மேலும் 4 பிட்டுகள் சேரும். மொத்தம் 132. இதைப் பதினொன்று பதினொன்றாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் பட்டியலில் ஒரு சொல்லைக் குறிக்கும். ஆக, மீட்புச் சொற்கள் என்பவை மனிதர்கள் பிழையின்றி எழுதி வைத்துக்கொள்ள வசதியாகச் சொல் வடிவில் தரப்பட்ட ஒரு ராட்சத எண். அந்த எண்ணிலிருந்துதான் பிட்காயின், எதிரியம் என்று அந்த வாலட்டில் உள்ள ஒவ்வொரு நாணயத்துக்குமான தனிச்சாவிகள் கணக்கிட்டு எடுக்கப்படுகின்றன. பணம் வாலட்டுக்குள் இருப்பதில்லை. யார் பெயரில் என்றில்லாமல், எந்த முகவரியில் எவ்வளவு என்று பிளாக்செயினில் பதிவாகியிருக்கிறது. அந்த முகவரிக்கான தனிச்சாவியால் ஒப்பமிடுபவர் எவரோ அவரே உரிமையாளர்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கு முழுவதும் பயனரின் கருவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதுதான். மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டை வழக்கமான முறையில் அமைத்தால், அதை நடத்தும் நிறுவனத்தின் சர்வரில் இந்தச் சொற்களின் நகல் இல்லை. வங்கியில் இருப்பதுபோல 'கணக்கு' என்ற ஒன்றே அங்கே இல்லை. வாலட்டைத் திறக்க அன்றாடம் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டுகூட அந்த ஒரு கருவியில் உள்ள கோப்பைப் பூட்டி வைக்க மட்டுமே பயன்படுகிறது. எனவே 'உங்கள் சொற்களைச் சரிபார்க்கிறோம்' என்று ஒருவர் சொன்னால், எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஒப்பிடுவதற்கு அவரிடம் எதுவும் கிடையாது. அந்தச் சொற்களை ஏற்றுச் செய்யக்கூடிய ஒரே வேலை, அதே வாலட்டை இன்னொரு கருவியில் அப்படியே திறப்பதுதான்.

வங்கி ஓடிபியைப் பறிகொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகும், ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லும், வங்கி நினைத்தால் கணக்கை முடக்கலாம். மீட்புச் சொற்களுக்குக் காலாவதி இல்லை, மாற்றவும் முடியாது, முடக்குவதற்கு மேலதிகாரி யாரும் இல்லை. அந்தச் சொற்கள் தெரிந்த இருவரில் உரிமையாளர் யார், திருடன் யார் என்று பிளாக்செயினுக்குத் தெரியாது.

உண்மையான உதவிக்கு என்ன தேவைப்படும்?

பொதுவாக வரும் ஒரு புகாரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தன் வாலட்டிலிருந்து எதிரியம் வலைப்பின்னலில் யுஎஸ்டிடி அனுப்புகிறார். மணிக்கணக்காகியும் 'Pending' என்றே காட்டுகிறது. பின்னர் அனுப்பிய இன்னொரு தொகையும் அப்படியே நிற்கிறது. பணம் போய்விட்டதோ என்ற பதற்றத்தில் உதவி தேடுகிறார்.

நேர்மையான பிரதிநிதி இதற்குக் கேட்பது பரிவர்த்தனை எண்ணைத்தான். 0x என்று தொடங்கி 64 எழுத்துகளும் இலக்கங்களுமாக நீளும் அந்த எண் ரகசியமன்று. ஈதர்ஸ்கேன் தளத்தில் அதை இட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்ததும் காரணம் புரிந்துவிடும். முதல் பரிவர்த்தனைக்கு வைத்த கட்டணம் அப்போதைய நெரிசலுக்குப் போதவில்லை. எதிரியத்தில் ஒரு முகவரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வரிசை எண் உண்டு. 41-ஆவது நகராமல் 42-ஆவது நகராது. எனவே தீர்வு, அதே 41 என்ற எண்ணில் கூடுதல் கட்டணம் வைத்து மீண்டும் அனுப்புவது. மெட்டாமாஸ்க்கில் அதற்கென்றே 'Speed up' என்ற பொத்தான் இருக்கிறது. வேண்டாமென்றால் 'Cancel'. இரண்டையும் அழுத்த வேண்டியவர் வாலட்டுக்குச் சொந்தக்காரர், தன் கருவியில். பிரதிநிதியின் வேலை எந்தப் பொத்தான் என்று சொல்வதோடு முடிகிறது.

வாங்கிய நாணயம் வாலட்டில் தெரியவில்லை என்பது இன்னொரு வழக்கமான புகார். பெரும்பாலும் வேறு வலைப்பின்னலைத் திறந்து வைத்திருப்பார்கள், அல்லது அந்த நாணயத்தின் ஒப்பந்த முகவரியை வாலட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். இதைக் கண்டறிய வாலட் முகவரி ஒன்று போதும். மூன்றாவது வகை, தவறான முகவரிக்குப் பணத்தை அனுப்பிவிட்டது. பெற்றவரே திருப்பி அனுப்பினால் ஒழிய அதைத் திருப்பி எடுக்க முடியாது. அனுப்பியவரின் மீட்புச் சொற்கள் கையில் இருந்தாலும் முடியாது. அந்தச் சொற்கள் அவருடைய முகவரியைத்தான் ஆளும், பெற்றவருடைய முகவரியை அல்ல. பூட்டு இறுகிவிட்டது என்று சொன்னவரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும் பூட்டுக்காரரின் நிலைதான், இந்தச் சிக்கல்களில் எதற்காவது மீட்புச் சொற்களைக் கேட்கும் பிரதிநிதியின் நிலையும்.

எக்ஸ்சேஞ்சில் மட்டும் கணக்கு வைத்திருப்பவருக்கு ஒரு கூடுதல் குறிப்பு. அங்கே சாவிகள் எக்ஸ்சேஞ்சின் வசம் இருக்கின்றன. வாடிக்கையாளருக்கு மீட்புச் சொற்கள் என்ற ஒன்றே தரப்படுவதில்லை. எக்ஸ்சேஞ்சின் பெயரில் பேசும் ஒருவர் அவற்றைக் கேட்டால், அவர் குறிவைப்பது அந்த வாடிக்கையாளரிடம் இருக்கும் வேறொரு வாலட்டை.

வலை விரிக்கும் விதம்

வாலட்டில் ஒரு சிக்கல் என்று எக்ஸ் தளத்திலோ டெலிகிராம் குழுவிலோ எழுதியவுடன் உதவிக்கரங்கள் நீளும். எக்ஸ் தளத்தில் 'மெட்டாமாஸ்க்', 'சப்போர்ட்' போன்ற சொற்களைக் கண்டதும் நொடிகளில் பதில் போடும் தானியங்கிக் கணக்குகள் உண்டு. 'எனக்கும் இதே பிரச்சினை, இவர்கள்தான் சரிசெய்து தந்தார்கள்' என்று ஒரு கூகுள் படிவத்தின் இணைப்பைத் தரும். டெலிகிராமில் குழு நிர்வாகியின் படத்தையும் பெயரையும் நகலெடுத்த ஒருவர் தனிச் செய்தியில் வருவார். பேச்சு பணிவாக இருக்கும். புகார் எண் தரப்படும். எந்த வாலட், எந்த நாணயம், ஏறக்குறைய எவ்வளவு இருப்பு என்று விசாரிப்பார்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தே மேற்கொண்டு எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பது முடிவாகும்.

அடுத்து வரும் இணையப்பக்கம் ஏறக்குறைய எல்லா மோசடியிலும் ஒரே அச்சில் வார்த்தது. பிரபல வாலட்டுகளின் சின்னங்கள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றை அழுத்தினால் 'Connecting' என்று சில நொடி சுழலும். பிறகு இணைப்பு தோல்வி, கைமுறையாக இணைக்கவும் என்ற செய்தி. அந்தத் தோல்வி முன்கூட்டியே எழுதி வைத்தது; உண்மையில் எதனோடும் இணைக்க முயலவில்லை. கைமுறை என்பதை அழுத்தினால் மீட்புச் சொற்கள், கீஸ்டோர் கோப்பு, தனிச்சாவி என்று மூன்று பெட்டிகள் திறக்கும். மூன்றில் எதைக் கொடுத்தாலும் விளைவில் பெரிய வேறுபாடு இருக்காது. உண்மையான இணைப்பு இப்படி நடப்பதில்லை. அதில் வாலட் செயலியே எழுந்து அனுமதி கேட்கும். தளத்துக்குக் கிடைப்பது முகவரி மட்டும்தான்.

சந்தேகப்படுபவர்களுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. 'முழுவதையும் தர வேண்டாம், முதல் பத்துச் சொற்கள் போதும், கடைசி இரண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். கேட்பவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. இரண்டு இடங்களில் ஒவ்வொன்றிலும் 2,048 சொற்கள் வரலாம் என்றால் மொத்தச் சாத்தியங்கள் சுமார் 42 லட்சம். பிழை கண்டுபிடிக்கச் சேர்த்த அந்த 4 பிட்டுகள் இங்கே திருடனுக்கு உதவுகின்றன. பதினாறில் ஒன்று மட்டுமே பொருந்தும் என்பதால் சோதிக்க வேண்டியவை சுமார் 2,62,000 ஆகச் சுருங்கிவிடும். ஒரு சாதாரணக் கணினிக்கு இது பெரிய வேலையல்ல. ஒரே ஒரு சொல்லை மறைத்தால் சோதிக்க வேண்டியவை சுமார் 128தான்.

ட்ரெசர் வாடிக்கையாளர்களின் அனுபவம்

பிராக் நகரத்து சடோஷிலேப்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு ட்ரெசர். தனிச்சாவி இணையத்துக்கே வராமல் சிறிய கருவிக்குள் இருக்கும் 'ஹார்டுவேர் வாலட்' வகையில் முன்னோடி. BIP-39 முறையை வகுத்தவர்களில் மாரெக் பலாட்டினஸ், பாவோல் ருஸ்னாக் இருவரும் இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். மீட்புச் சொற்களைப் பற்றி இவர்களைவிட நன்கு அறிந்த நிறுவனம் இருக்க முடியாது. அதன் வாடிக்கையாளர்களைத் தேடியே குறைந்தது மூன்று முறை, மூன்று வெவ்வேறு வாசல் வழியாக, போலிகள் வந்திருக்கிறார்கள்.

2022 ஏப்ரலில் வந்தது செய்திமடல் வழியாக. ட்ரெசர் தன் செய்திமடலை அனுப்பப் பயன்படுத்திய மெயில்சிம்ப் சேவைக்குள் ஊடுருவியவர்கள், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். 'எங்கள் சர்வரில் பாதுகாப்புக் குறைபாடு ஏற்பட்டுள்ளது, உடனே புதிய செயலியைத் தரவிறக்குங்கள்' என்று மடல் போனது. இணைப்பில் இருந்த தளத்தின் பெயர் அசலைப் போலவே தெரியும். ட்ரெசர் என்ற பெயரின் e எழுத்துக்குக் கீழே ஒரு சிறு புள்ளி மட்டும் கூடுதல். அசல் செயலியின் நிரல் எல்லோருக்கும் திறந்தது என்பதால் அதையே நகலெடுத்துப் போலிச் செயலியை அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். ஒரே மாற்றம், அது மீட்புச் சொற்களைக் கேட்டு வெளியே அனுப்பும்.

2024 ஜனவரியில் தாக்குதல் புகார்ப் பெட்டிக்கே வந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாள ட்ரெசர் பயன்படுத்திய வெளி நிறுவனத்தின் தளத்துக்குள் ஜனவரி 17 அன்று அனுமதியின்றி யாரோ நுழைந்தது தெரியவந்தது. 2021 டிசம்பர் முதல் உதவி கேட்டு எழுதிய ஏறத்தாழ 66,000 பேரின் தொடர்பு விவரங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அவர்களில் 41 பேருக்கு மீட்புச் சொற்களைக் கேட்டு நேரடியாக மின்னஞ்சல் போயிருந்தது உறுதியானது. இந்த 66,000 பேரும் எப்போதோ உண்மையிலேயே உதவி கேட்டவர்கள். பதில் வந்தால் ஆச்சரியப்பட மாட்டார்கள். திருடனுக்கு இதைவிட நல்ல பட்டியல் அமைவது அரிது.

2025 ஜூனில் நடந்தது இன்னும் நூதனம். இம்முறை எந்தக் கணினிக்குள்ளும் ஊடுருவல் இல்லை. ட்ரெசரின் உதவிப் படிவத்தில், குறிவைத்த நபரின் மின்னஞ்சலை இட்டு, புகாரின் தலைப்பாகத் தங்கள் எச்சரிக்கை வாசகத்தையும் போலித் தளத்தின் பெயரையும் எழுதி அனுப்பினார்கள். 'உங்கள் புகார் கிடைத்தது' என்று தானாகப் போகும் பதில் மடலின் தலைப்பில் அதே வாசகம் ஒட்டிக்கொண்டது. விளைவு, மோசடிச் செய்தி ட்ரெசரின் உண்மையான முகவரியிலிருந்தே வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சோதித்திருந்தாலும் குறை கண்டிருக்க முடியாது.

மின்னஞ்சல் முகவரியைச் சோதியுங்கள், தளத்தின் பெயரைச் சோதியுங்கள் என்ற வழக்கமான அறிவுரையின் எல்லை இங்கே தெரிகிறது. கேட்பவர் யார் என்று ஆராயப் புகுந்தால், திறமையான போலியிடம் என்றாவது ஒருநாள் தோற்க நேரிடும். என்ன கேட்கிறார் என்று பார்த்தால் அந்த ஆராய்ச்சியே வேண்டியதில்லை. ட்ரெசரின் உண்மையான ஊழியரே நேரில் வந்து மீட்புச் சொற்களைக் கேட்டாலும், அவர் அந்தக் கணத்தில் திருடுகிறார் என்றுதான் பொருள்.

சொற்களைக் கேட்காத மோசடி

இந்த விதி பரவலாகத் தெரிந்துவிட்டதால் போலிகள் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். 2025 மார்ச்சில் காயின்பேஸ் எக்ஸ்சேஞ்சின் பெயரில் ஒரு மின்னஞ்சல் பரவியது. வழக்கு ஒன்றின் தீர்ப்புப்படி வாடிக்கையாளர்கள் எல்லோரும் தங்கள் நாணயங்களைச் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது அது. வாலட் செயலிக்கான இணைப்பு உண்மையானது. மடலில் எதையும் கேட்கவில்லை. மாறாக, 'இதுதான் உங்கள் மீட்புச் சொற்கள், இவற்றை இட்டு வாலட்டைத் திறந்து பணத்தை மாற்றுங்கள்' என்று பன்னிரண்டு சொற்களைத் தந்தது. அந்தச் சொற்கள் அனுப்பியவரிடமும் இருக்கின்றன. எனவே அந்த வாலட்டில் போய்ச் சேரும் எதுவும் அவருடையதே. மீட்புச் சொற்களைத் தருவது சொந்தக் கருவி மட்டுமே. மனிதரோ மடலோ தந்தால் அது தூண்டில்.

தட்டச்சு செய்ய வேண்டிய நேரம்

மீட்புச் சொற்களை நியாயமாகத் தட்டச்சு செய்ய வேண்டிய தருணமும் இருக்கிறது. கைபேசி தொலைந்துபோனாலோ கருவி பழுதானாலோ, புதிய கருவியில் வாலட்டை மீட்க அவை வேண்டும். அந்த வேலையைத் தொடங்குபவர் உரிமையாளர். யாரும் அழைத்துச் சொல்லித் தொடங்குவதில்லை. சொற்கள் போகுமிடம் வாலட் செயலியின் மீட்புத் திரை. ஹார்டுவேர் வாலட் என்றால் கருவியின் சொந்தத் திரையிலேயே அவற்றை இட வேண்டும். ட்ரெசரின் பழைய மாடல் ஒன்றில் மட்டும் கணினியில் தட்டச்சு செய்யும் வழக்கம் உண்டு. அப்போதும் எத்தனையாவது சொல் என்பதைக் கருவியின் திரை மட்டுமே கலைந்த வரிசையில் சொல்லும். ஒன்று முதல் வரிசையாகக் கணினியில் இடச் சொன்னால் அது போலி.

லெட்ஜர் நிறுவனம் 2023-இல் தொடங்கிய 'ரெக்கவர்' என்ற கட்டணச் சேவை விதிவிலக்குப்போலத் தெரியலாம். அதில் மீட்புச் சொற்களுக்கான ரகசியம் மூன்று துண்டுகளாக மறையாக்கப்பட்டு மூன்று நிறுவனங்களிடம் வைக்கப்படுகிறது. இது சரியா தவறா என்று பெரிய விவாதமே நடந்தது. ஆனால் அதிலும் துண்டாக்கும் வேலையைச் செய்வது கருவிதான். எந்த ஊழியரிடமும் எவரும் சொற்களைச் சொல்வதில்லை. எழுதி வைத்த சொற்களில் ஒன்றிரண்டு அழிந்துபோனவர்களுக்கு பிடிசி-ரெக்கவர் என்ற திறந்தநிலை நிரல் இருக்கிறது. அதை இணையத் தொடர்பைத் துண்டித்த சொந்தக் கணினியில் இயக்கலாம்.

கொடுத்துவிட்டவர் செய்ய வேண்டியது

வாலட்டின் பாஸ்வேர்டை மாற்றுவதால் பயனில்லை. செயலியை அழித்து மீண்டும் நிறுவினாலும் அதே சொற்கள், அதே சாவிகள்தாம். செய்ய வேண்டியது ஒன்றே. புதிய மீட்புச் சொற்களோடு புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, பழையதில் மிஞ்சியிருப்பதை உடனே அங்கே மாற்ற வேண்டும். மதிப்பு கூடியதை முதலில் மாற்றுவது நல்லது. ஒரே சொற்களிலிருந்து வந்த எல்லா வலைப்பின்னல் முகவரிகளையும் காலி செய்ய வேண்டும். பிட்காயினை மட்டும் காப்பாற்றிவிட்டு எதிரியத்தை மறந்தால் அது போய்விடும்.

தாமதமானால் இன்னொரு தடை முளைக்கும். பறிபோன முகவரியை 'ஸ்வீப்பர்' எனப்படும் தானியங்கி நிரல் கண்காணித்துக்கொண்டிருக்கும். வாலட்டில் டோக்கன்கள் மிஞ்சியிருந்து, அவற்றை நகர்த்தக் கட்டணத்துக்கான ஈதர் மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் கொஞ்சம் ஈதரை உள்ளே அனுப்பினால், அது வந்து விழுந்ததும் நிரல் எடுத்துக்கொள்ளும். மறுபடி அனுப்பினாலும் அதே கதி. அந்த நிலையில் தொடர்ந்து பணம் போடுவதை நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

போன பணம் எங்கே போகிறது என்பதைப் பிளாக்செயினில் பார்க்கலாம். அது ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால் அங்கே முடக்கச் சொல்லி முறையிடலாம். யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி இரண்டையும் வெளியிடும் நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட முகவரிகளை முடக்கும் அதிகாரம் உண்டு. காவல்துறையின் வேண்டுகோளை அவை ஏற்பதுண்டு. பிட்காயினுக்கும் ஈதருக்கும் அந்த வழி இல்லை. இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ எவ்வளவு விரைவில் புகார் செய்கிறார்களோ அவ்வளவு நல்லது. பரிவர்த்தனை எண்கள், பணம் போன முகவரிகள், போலிப் பிரதிநிதியோடு நடந்த உரையாடலின் படங்கள், போலித் தளத்தின் முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை இழந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் விலைபோகும் சரக்கு. சில நாட்களில் 'மீட்பு நிபுணர்' ஒருவர் தொடர்புகொள்வார். திருடு போன நாணயங்களைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வார். முன்பணம் கேட்பார், அல்லது பணத்தை அனுப்பிவைக்கப் புதிய வாலட்டின் மீட்புச் சொற்களைக் கேட்பார். பணம் பெறுவதற்கு வேண்டியது முகவரி மட்டுமே. அவரை உடனே தடைசெய்துவிட்டு, அந்த எண்ணையும் முதல் புகாரோடு சேர்த்துக் காவல்துறையிடம் கொடுங்கள்.